புதுப்பிப்பு: விருந்தினர் மீதான புகாரைக் கொள்கையில் எப்படி எழுதினோம்

எங்கள் ஹோட்டலின் தொல்லைத் தடுப்புக் கொள்கைக்காக முன்பு கேட்டது: “அறை சுத்தம் செய்யும் ஊழியரிடம் விருந்தினரே தவறாக நடந்தால் புகாரை யார் வாங்குவது?”

பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. மனிதவளத்தில் இருப்பவர் சொன்னதுதான் அடித்தளமானது: விருந்தினரும் கொள்கைக்குள் வரவேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2019 உடன்படிக்கையும் வெளியாட்களின் தொல்லையைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. “மேற்பார்வையாளரிடம் சொன்னால் போதும்” என்றார் ஒருவர். பாதி சரி. மேற்பார்வையாளர் மீதே புகார் என்றால்? அதனால் அவரைத் தாண்டி இன்னொருவரிடமும் சொல்லலாம், வாய்மொழியாகச் சொன்னாலும் புகார்தான் என்று எழுதினோம்.

ஒரு மாதிரிச் சம்பவத்தை வைத்துப் பார்த்தோம். விருந்தினர் கதவை மறித்து நிற்கிறார். ஊழியர் வேலையை அப்படியே விட்டு வெளியேறலாம், சம்பளம் பிடிக்கக் கூடாது. பணிநேர மேலாளர் நடந்ததை ஊழியர் சொன்ன வார்த்தைகளிலேயே குறித்துக்கொள்வார். கதவுப் பூட்டின் பதிவையும் தாழ்வாரக் கேமரா காட்சியையும் அன்றே எடுத்து வைப்பார், தாமதித்தால் அழிந்துவிடும். அந்த அறைக்கு அதன்பின் இருவராகத்தான் போகவேண்டும். புகார் தந்தவர் கேட்காமல் அவரை வேறு தளத்துக்கு மாற்றக் கூடாது. அது தண்டனை மாதிரி ஆகிவிடும்.

சமையலறையில் சக ஊழியர் திட்டுவதைப் பற்றிக் கேட்டவருக்கு: அது தனி விசாரணை வழி. விருந்தினரை வெளியேற்றும் முடிவு யார் கையில் என்பதில் உரிமையாளர் இன்னும் இழுக்கிறார்.