ரஷ்யாவில் ஆசிரியரை எப்படிக் கூப்பிடுவது?

குர்ஸ்க் புதுசு: மருத்துவம் படிக்க இப்போதுதான் வந்திருக்கிறேன். துறை அலுவலகக் கதவில் ஆளுக்கு மூன்று பெயர் எழுதியிருக்கிறது, ஒருவர் ‘குஸ்னெத்சோவா எலேனா செர்கேயெவ்னா’. இதில் எதைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்? மேடம் என்றால் போதாதா?

கசான் தம்பி: மேடம் இங்கே எடுபடாது. ‘செர்கேயெவ்னா’ என்று அப்பா பெயரை மட்டும் சொல்லுங்கள். எங்கள் ஹாஸ்டல் பாட்டிகள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள், அதுதான் மரியாதை.

வோல்கோகிராத் அக்கா: தம்பி, பாட்டிகள் சொல்வது உண்மைதான், ஆனால் அது ரொம்ப நாள் பழகியவர்கள் உரிமையோடு நீ, வா, போ என்று பேசிக்கொள்ளும் முறை. மாணவர் ஆசிரியரிடம் அப்படிச் சொன்னால் துடுக்காகப் படும். கதவிலும் பட்டியலிலும் குடும்பப் பெயர்தான் முதலில் வரும், கூப்பிடும்போது அதை விட்டுவிட்டு அடுத்த இரண்டையும் சேர்த்து ‘எலேனா செர்கேயெவ்னா’ என்று சொல்லணும். கூடவே ‘தி’ வேண்டாம், நம் ‘நீங்கள்’ மாதிரி ‘வீ’ போட்டுப் பேசணும். லேனா என்ற செல்லப் பெயரோடு செர்கேயெவ்னாவை ஒட்டவும் கூடாது.

நாய் பரிசோதனை செய்த பாவ்லோவை எல்லோருக்கும் தெரியும், அவர் முழுப் பெயர் இவான் பெத்ரோவிச் பாவ்லோவ். அப்பா பெயர் பியோத்தர், அதனால் மகன் பெத்ரோவிச், மகளாக இருந்தால் பெத்ரோவ்னா. நேரில் பார்த்திருந்தால் ‘இவான் பெத்ரோவிச்’ என்றுதான் கூப்பிட்டிருப்பீர்கள். செர்கேய் மாதிரி ‘ய்’ என்று முடிந்தால் யெவிச், யெவ்னா ஆகும். இல்யாவின் மகன் இல்யீச், மகள் இல்யினிச்னா, இந்த மாதிரிப் பெயர்களை மனப்பாடம்தான் செய்யணும்.

மாஸ்கோ ஐடி: எங்கள் ஆபீசில் மேனேஜரைக்கூட வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். என் பிரச்சினை வேறு: ஒரு படிவத்தில் அப்பா வழிப் பெயருக்கு என்று ஒரு கட்டம் இருக்கிறது, அங்கே என் அப்பா பெயரை எழுதணுமா?

வோல்கோகிராத் அக்கா: நான் காலியாக விட்டேன், யாரும் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறதோ அதோடு ஒத்துப்போகணும், அதுதான் முக்கியம்.

கசான் தம்பி: என் படிவத்தில் அங்கிருந்த அம்மாவே அப்பா பெயரை எழுதிவிட்டார். இடத்துக்கு இடம் மாறும் போல.

குர்ஸ்க் புதுசு: சரி அக்கா. ஆனால் சீனியர்கள் வேகமாக ‘செர்கேவ்னா’ என்கிறார்களே, அது தப்பா?

வோல்கோகிராத் அக்கா: இல்லை, பேச்சில் எல்லோருமே விழுங்கித்தான் சொல்வார்கள், அலெக்சாந்தர் அலெக்சாந்த்ரோவிச் கூட ‘சான் சானிச்’ ஆகிவிடுவார். ஆனால் சான் சானிச் என்பது நெருக்கமானவர்களுக்கு, நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம். செர்கேவ்னா பரவாயில்லை. ஈமெயிலில் மட்டும் ஒரு எழுத்துகூட விடாமல் முழுதாக எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் ‘காக் வாஷே இம்யா-ஓட்செஸ்த்வோ?’ என்று கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.