2 ஆம்பியர் வர வேண்டிய சோக்கில் 1.4 தான் வந்தது

குமரன் (மூன்றாம் செமஸ்டர்): போன வாரம் லேபில் நடந்தது. 24 வோல்ட் டிசி சப்ளை, தொடராக 2 ஓம், அப்புறம் ஒரு சந்தியிலிருந்து மூன்று கிளைகள்: ஒன்றில் வெறும் 3 ஓம், ஒன்றில் 6 ஓமும் 0.5 ஹென்றி சோக்கும், ஒன்றில் 5 ஓமும் 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும். நிலைபெற்ற பிறகு இண்டக்டர் வெறும் கம்பி, கெபாசிட்டர் திறந்த சுற்று என்று வைத்தால் 3-உம் 6-உம் சேர்ந்து 2 ஓம், மொத்தக் கரண்ட் 6 ஆம்பியர், சந்தியில் 12 வோல்ட், சோக்கில் 2 ஆம்பியர். ஆற்றல் சோக்கில் 1 ஜூல், கெபாசிட்டரில் 7.2 மில்லிஜூல். ஆனால் அளந்தால் சோக்கில் 1.41 ஆம்பியர், கெபாசிட்டரில் 12.7 வோல்ட். ஒன்று குறைந்து இன்னொன்று கூடுவது எப்படி என்று இரண்டு நாளாகப் புரியவில்லை.

ஸ்டீபன்: கெபாசிட்டர் கிளையில் கரண்ட் ஓடாது, அதனால் அதில் சப்ளை வோல்டேஜ் முழுசா 24 நிற்கணும். உங்க கெபாசிட்டர் லீக் ஆகுது.

லேப் சார் (ஓய்வு): ஸ்டீபன், கரண்ட் ஓடாது என்பது சரி, அதனால் 5 ஓமில் எதுவும் விழாது. ஆனால் கெபாசிட்டர் பார்ப்பது சந்தியை, சப்ளையை அல்ல. மற்ற இரு கிளைகளும் இழுக்கும் கரண்ட் 2 ஓமில் பாதியைத் தின்றுவிடுகிறது. குமரன் தம்பி, சோக்கின் இரு முனைக்கும் நடுவே எவ்வளவு வோல்ட்? பூஜ்யம்தான் வரும் என்று அளக்காமல் விட்டிருப்பாய்.

பாத்திமா: எங்க பேனலில் ரிலே ஆஃப் ஆகும்போது கான்டாக்ட் கருகுது, அதுவும் இந்த ஆற்றல்தானே? டையோடு போட்டா போதுமா?

லேப் சார் (ஓய்வு): ஆமாம்மா, அதே ஆற்றல்தான். எந்தக் காயிலை ஆஃப் செய்யும்போது பொறி வருகிறதோ அதற்குக் குறுக்கே, டிசி காயில் என்றால் மட்டும், டையோடை எதிர்த்திசையில் போடுங்கள்.

குமரன்: சார், இன்று அளந்தேன், 4.2 வோல்ட்! சப்ளையை அணைத்துச் சோக்கைத் தனியாக எடுத்து வைத்தால் 3 ஓம் காட்டுகிறது. அதாவது அந்தக் கிளை 6 இல்லை, 9 ஓம். அதனால் மொத்தக் கரண்ட் 5.65 ஆகக் குறைகிறது, 2 ஓமில் விழுவதும் குறைகிறது, சந்தி 12.7-க்கு ஏறுகிறது. கரண்ட் 30 சதவீதம் குறைந்ததற்கே ஆற்றல் பாதியாகி, சோக்கில் 0.5 ஜூல்தான் நிற்கிறது!

லேப் சார் (ஓய்வு): அதுவும் 0.5 ஹென்றி உண்மையானால்தான். இரும்புக் கோர் சோக்கில் டிசி ஓடும்போது கோர் நிறைந்து ஹென்றி இறங்கிவிடும். கெபாசிட்டர் கிளையைக் கழற்றிவிட்டு சப்ளையைப் பிரி, சோக்கின் கரண்ட் வெறும் 3 ஓம் இருக்கும் கிளை வழியாகவே இறங்கும். ஸ்கோப்பில் அது 37 சதவீதத்துக்கு வர 42 மில்லிசெகண்ட் ஆகணும். சீக்கிரமே விழுந்தால் உன் 0.5 ஜூலும் இல்லை.

குமரன்: வியாழக்கிழமை ஸ்கோப் கிடைக்கும் சார், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.