நோட்டில் எழுதுவதை மேலிருந்து வீடியோ எடுக்கும்போது வெள்ளைப் பட்டை விழுகிறது, குரலும் தூரத்தில் கேட்கிறது. உதவி வேண்டும்

தக்கலை கணக்கு டீச்சர்:
பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தொகையீடு நடத்துகிறேன். வகுப்புக்கு வர முடியாதவர்கள் வீட்டிலிருந்து பார்க்கட்டும் என்று, மேசை விளிம்பில் மாட்டும் ஸ்டாண்டில் போனை வைத்து, நோட்டில் எழுதிக்கொண்டே பேசி வீடியோ எடுக்கிறேன். நான்கு நாளாகச் சரியாக வரவில்லை.

பாடப்புத்தகத்தை வைத்தால் பக்கத்தின் மேல்பாதியில் குறுக்காக ஒரு வெள்ளைப் பட்டை. அந்த இடத்தில் ஒரு வரியும் படிக்க முடியவில்லை. புத்தகத்தை நகர்த்தினாலும் பட்டை அதே இடத்தில்தான் நிற்கிறது. நோட்டில் எழுதும்போது கை உள்ளே வந்தால் தாள் வெளுத்துப்போகிறது, கையை எடுத்தால் சாம்பல் நிறமாகிவிடுகிறது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது. காலர் மைக் வாங்கி மாட்டியும் வித்தியாசமே இல்லை.

அறைக்கு ஷீட் கூரை. தலைக்கு மேல் ஒரு டியூப் லைட், இடப்பக்கம் ஜன்னல். டாக்குமெண்ட் கேமரா வாங்கினால் இதெல்லாம் தீருமா?

மார்த்தாண்டம் டியூஷன் சார்:
டீச்சர், போலரைசர் ஃபில்டர் போனில் மாட்டுங்க. நான் பளபளப்பான வெள்ளைப் பலகையைப் பக்கவாட்டிலிருந்து எடுக்கிறேன், ஜன்னல் வெட்டம் அப்படியே போய்விட்டது. இதைவிட நல்ல வழி இல்லை.

கருங்கல் தையல் வகுப்பு:
எனக்கும் இதே தொல்லைதான் அக்கா, ஆனா எனக்குப் பட்டுத் துணியில். கறுப்பு நூலில் கறுப்புத் துணி தைக்கிறப்போ தையலே தெரியாது. மேசைமேல் சாம்பல் நிறப் போர்வை விரிச்சேன், கொஞ்சம் கொள்ளாம். உங்களுக்கு உதவுமா தெரியல.

குழித்துறை வீடியோக்காரர்:
டீச்சர், பட்டையிலிருந்து தொடங்குவோம். புத்தகத்தை நகர்த்தியும் பட்டை நகரவில்லை என்று எழுதினீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. அது தாளில் உள்ள குறை இல்லை, டியூப் லைட்டின் பிம்பம். பவுடர் டப்பாவில் இருக்கும் சின்னக் கண்ணாடியை எடுத்து, பட்டை விழும் இடத்தில் தாள்மேல் மல்லாக்க வையுங்கள். பிறகு போன் திரையைப் பாருங்கள். கண்ணாடிக்குள் டியூப் தெரியும். தாளில் எந்த மூலையில் கண்ணாடியை வைத்தாலும் திரையில் வெறும் கூரை மட்டும் தெரிகிற வரைக்கும் மேசையை நகர்த்த வேண்டும்.

எவ்வளவு தள்ளுவது என்று நீங்களே கணக்குப் போடலாம். போன் தாளுக்கு மேல் 45 செ.மீ., டியூப் தாளுக்கு மேல் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கவைத்த ஏ4 தாளின் ஓரம் நடுவிலிருந்து 15 செ.மீ. அங்கே பட்டுத் திரும்பும் கோடு டியூப் உயரத்தை எட்டும்போது இன்னும் 67 செ.மீ. விலகியிருக்கும், ஒத்த முக்கோணம்தான். ஆக மொத்தம் 82 செ.மீ. போனுக்கு நேர்மேலே இருந்து அந்தத் தூரத்துக்குள் டியூப் இருந்தால் தாளின் ஏதோ ஓரத்தில் விழும். அச்சுத்தாள் கண்ணாடி இல்லை, வெளிச்சத்தைக் கொஞ்சம் பரப்பும். அதனால் 82-ஐ விடக் கூடுதலாக, ஒன்றே கால் மீட்டர் தள்ளிப் பாருங்கள். டியூபின் நீளத்துக்குக் குறுக்காகத் தள்ளணும், அதன் போக்கிலே தள்ளினால் நாலு அடி டியூப் விட்டுத் தராது.

மார்த்தாண்டம் சார் சொன்ன ஃபில்டர் அவருடைய பலகைக்குச் சரி. சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளியைத்தான் அது வெட்டும். நேர் மேலிருந்து எடுக்கும்போது ஒளி கிட்டத்தட்ட செங்குத்தாகப் பட்டுச் செங்குத்தாகவே திரும்புகிறது, அங்கே ஃபில்டரால் பெரிதாக ஒன்றும் ஆகாது. காசைப் போடாதீர்கள்.

தாள் வெளுப்பதும் கருப்பதும் போனின் தானியங்கி வேலை. முழுத் தாளும் வெள்ளையாக இருந்தால் அது வெளிச்சத்தைக் குறைக்கும், கை வந்ததும் கூட்டும். கையைத் தாள்மேல் வைத்தபடி, திரையில் தாளின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். பல போன்களில் AE/AF LOCK என்றோ ஒரு பூட்டுப் படமோ வரும். பிறகு பக்கத்தில் வரும் சூரியப் படத்தை, தாள் வெள்ளையாகும்வரை மேலே தள்ளுங்கள். கோடுகள் மங்கத் தொடங்கினால் ஒரு துளி இறக்குங்கள். மேகம் மூடி ஜன்னல் வெளிச்சம் மாறினால் மறுபடி பூட்ட வேண்டும்.

டாக்குமெண்ட் கேமராவிலும் இதே இயற்பியல்தான். அதோடு வரும் எல்.இ.டி. விளக்கைப் போட்டால் வழவழத் தாளில் இன்னொரு வெள்ளைப் புள்ளி விழும், அணைத்துவிட்டுத்தான் எடுக்கணும். இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

தக்கலை கணக்கு டீச்சர்:
சார், கண்ணாடியில் டியூப் அப்படியே தெரிந்தது! மேசையை ஜன்னல் இடப்பக்கம் வருமாறு தள்ளினேன், பட்டை போய்விட்டது. நான் வலக்கைக்காரி, கையின் நிழலும் எழுதுகிற இடத்தில் விழவில்லை. பூட்டும் வேலை செய்தது.

ஆனால் என் மாணவி ஒருத்தி எழுத்து பொடியாக இருக்கிறது என்கிறாள். அவள் பார்ப்பது போனில்.

குழித்துறை வீடியோக்காரர்:
முழு மேசையும் தெரிகிற மாதிரி வைத்திருப்பீர்கள். ஏ4 தாளைப் படுக்கவைத்து, அதன் 21 செ.மீ. உயரம் திரையை நிரப்பும்வரை கிட்டே வாருங்கள், அல்லது கொஞ்சம் ஜூம் செய்யுங்கள். அப்போது படத்தின் அகலம் 37 செ.மீ. வரும். அது 13 செ.மீ. அகலப் போன் திரையில் தெரிந்தால் எல்லாம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். 9 மி.மீ. உயரத்தில் எழுதினால் அவளுக்கு 3 மி.மீ. தெரியும், அது போதும். தாளின் நான்கு மூலையிலும் மேசைமேல் டேப் ஒட்டி வையுங்கள், ஒவ்வொரு தாளும் அதே இடத்தில் வரும்.

நாகர்கோவில் ஒலிப்பதிவுக்காரர்:
மைக் விஷயம் யாரும் சொல்லவில்லையே. டீச்சர், பின்னை எடுத்துப் பாருங்கள். கறுப்பு வளையம் எத்தனை இருக்கிறது?

தக்கலை கணக்கு டீச்சர்:
இரண்டு.

நாகர்கோவில் ஒலிப்பதிவுக்காரர்:
அதுதான். இரண்டு வளையப் பின் கேமராவுக்கானது. போனுக்கு மூன்று வளையம் வேண்டும். மாற்றித் தரும் சின்னக் கேபிள் கிடைக்கும், புது மைக் வேண்டாம். மாட்டிய பிறகு ரெகார்டு போட்டு, மைக்கை நகத்தால் சுரண்டுங்கள், பிறகு போனின் அடிப்பாகத்தைச் சுரண்டுங்கள். திருப்பிக் கேட்டால் எது பலமாகக் கேட்கிறதோ அந்த மைக்தான் பதிவாகிறது.

மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். சங்கிலி, முந்தானை உரசக் கூடாது. போன் மைக் முக்கால் மீட்டர் தள்ளி இருந்தால், ஃபேன் சத்தமும் சுவரில் பட்டுத் திரும்பும் குரலும் உங்கள் குரலோடு போட்டி போடும். அந்தக் கிணற்றுச் சத்தம் இதுதான்.

தக்கலை கணக்கு டீச்சர்:
கேபிள் மாட்டினேன், நகத்தால் சுரண்டினேன், மைக்தான் கேட்கிறது. குரல் கிட்டே வந்துவிட்டது. நன்றி சார்.

இன்னொன்று. நேற்று மாலை மழை வந்ததும் ஷீட் கூரை அடித்த அடியில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு நீக்க முடியுமா?

மார்த்தாண்டம் டியூஷன் சார்:
ஆடாசிட்டி என்ற ஆடியோ சாஃப்ட்வேரில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் போயிடும் டீச்சர்.

நாகர்கோவில் ஒலிப்பதிவுக்காரர்:
ஃபேன் மாதிரி ஒரே சீராக வரும் இரைச்சலுக்கு அது நல்லா வேலை செய்யும். கூரையில் அடிக்கும் மழை நொடிக்கு நொடி மாறும், குரல் இருக்கும் அலைவரிசை முழுக்கப் பரவும். அழுத்தி நீக்கினால் குரல் தண்ணீருக்குள் பேசுவதுபோல் ஆகும். அரைகுறையாகக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

கருங்கல் தையல் வகுப்பு:
எங்க ஷெட்டுக்கு மேல தென்னை ஓலை போட்டாங்க அக்கா, மழைச் சத்தம் நல்லாவே குறைஞ்சது.

தக்கலை கணக்கு டீச்சர்:
பள்ளியில் கூரைமேல் ஓலை போட விடுவார்களா தெரியவில்லை, கேட்டுப் பார்க்கிறேன். அதுவரை காலை முதல் பாடவேளையில் எடுக்கலாம் என்றிருக்கிறேன். ஜூன் மாசம் காலையிலும் மழைதான் வரும், அப்போது என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.