மூடியணைத்தல், திணறடித்தல், வளித்தடுப்பு: எது சரி?

இளவேனில்:

அனைவருக்கும் வணக்கம். தீயணைப்புப் பயிற்சிக் கையேட்டில் தீ முக்கோணம் பற்றிய பகுதியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெப்பத்தை எடுப்பதற்குக் ‘குளிர்த்தல்’, எரிபொருளை எடுப்பதற்கு ‘எரிபொருள் நீக்கம்’ என்று வைத்தாயிற்று. இரண்டிலும் இடிக்கவில்லை. ஆக்சிஜனை எடுக்கும் ‘ஸ்மதரிங்’ மட்டும்தான் படியமாட்டேன் என்கிறது. வரைவில் ‘திணறடித்தல்’ என்று இருக்கிறது. எனக்கு ‘மூடியணைத்தல்’ பிடித்திருக்கிறது. வாணலியில் எண்ணெய் பற்றினால் மூடியைப் போட்டு அணைக்கிறோமே, அந்தப் படம் உடனே மனத்தில் வருகிறது. கருத்துச் சொல்லுங்கள்.

கதிரவன்:

மூடியணைத்தலுக்கு என் வாக்கு. கரியமில வாயு அடிப்பதும் மூடி போடுவதும் வேலையளவில் ஒன்றுதான். ஒரே சொல் போதும். அதே பத்தியில், எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஏன் ஆகாது என்றும் எழுதிவிடுங்கள். எண்ணெய் இலேசானது. தண்ணீரின் மேல் மிதந்து தீயைப் பரப்பிவிடும்.

மங்கை:

இளவேனில், சொல்லை முடிவுசெய்யும் முன் அந்த வாணலியையே கொஞ்சம் பார்த்துவிடலாம்.

> எண்ணெய் இலேசானது. தண்ணீரின் மேல் மிதந்து தீயைப் பரப்பிவிடும்.

பெட்ரோல், டீசல் தேங்கி எரிகையில் கதிரவன் சொல்வது சரி. காய்ந்த சமையல் எண்ணெயில் நடப்பது வேறு. தானாகவே பற்றிய எண்ணெய் ஏறத்தாழ 350 டிகிரி செல்சியசிலோ அதற்கும் மேலோ இருக்கும். தண்ணீர் கனமானது என்பதால் எண்ணெய்க்குள் இறங்குகிறது, இறங்கியதும் ஆவியாகிறது. 100 மில்லி தண்ணீர் 160 லிட்டருக்கும் மேற்பட்ட நீராவியாக விரியும். அந்த விரிவு எண்ணெயைத் துளித்துளியாக மேலே வீசுகிறது. வாணலியில் மேற்பரப்பு மட்டுமே காற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது; இப்போது ஒவ்வொரு துளியையும் சுற்றிக் காற்று. கூரை வரை எழும் அந்தத் தீப்பிழம்புக்குக் காரணம் இதுதான், மிதப்பது அல்ல.

இனி மூடி. இறுக மூடினால் உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தீயே தின்றுதீர்க்கிறது. காற்றில் 21 விழுக்காடாக இருப்பது சுமார் 15-க்குக் கீழே போனால் பெரும்பாலான சுடர்கள் நிற்காது. சில நொடிகளில் அணைந்துவிடும். ஆனால் அணைந்தது சுடர் மட்டுமே. எண்ணெயின் சூடு அப்படியேதான் இருக்கிறது. ‘என்ன ஆயிற்று’ என்று மூடியைத் தூக்கிப் பார்த்தால் காற்று உள்ளே போகும். நெருப்புப் பொறி எதுவும் இல்லாமலே எண்ணெய் மறுபடி பற்றிக்கொள்ளும். ஒருமுறை எரிந்து சிதைந்த எண்ணெய் முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனவே செய்யவேண்டியது: அடுப்பை அணைத்து, மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடி, பாத்திரத்தை இடம் மாற்றாமல், முழுதும் ஆறும்வரை திறக்காமல் விடுவது. கனத்த இரும்புப் பாத்திரம் என்றால் அடுப்பை அணைத்த பிறகும் எண்ணெய்க்கு நெடுநேரம் சூடு கொடுத்துக்கொண்டே இருக்கும்.

கரியமில வாயு இங்கே தோற்பதும் இதே காரணத்தால்தான். 2 கிலோ உருளை பத்து நொடிக்குள் தீர்ந்துவிடும். சுடர் மறையும், வாயு கலைந்து காற்று திரும்பும், எண்ணெய் பற்றும். அதற்கு முன்பே, கிட்ட நின்று அடித்தால் பீச்சும் விசையே எண்ணெயை வெளியே தள்ளிவிடக்கூடும். மூடி தடுத்து நிற்கிறது, வாயு காற்றை நீர்க்கச் செய்துவிட்டுப் போய்விடுகிறது. இரண்டும் ஒன்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சேவியர்:

நல்ல விளக்கம், நன்றி. எங்கள் பட்டறையில் எரிவாயுக் குழாய் இணைப்பு ஒன்று கசிகிறது. அது பற்றிக்கொண்டால் எதைப் போட்டு மூடலாம்? ஈரச் சாக்கு போதுமா?

மங்கை:

சேவியர், இழை சொல்லைப் பற்றியது என்றாலும் இதை விட்டுவிட முடியாது. கசிவு தெரிந்திருந்தால் தீக்காகக் காத்திராமல் இன்றே வால்வை மூடிச் சரிசெய்ய ஆள் கூப்பிடுங்கள். பற்றிய பிறகும் முதல் வேலை வால்வுதான், சாக்கு அல்ல. சுடரை மட்டும் அணைத்துவிட்டு வாயு வந்துகொண்டே இருந்தால், அது அறையில் சேர்ந்து எங்கோ ஒரு பொறியில் வெடிக்கும். வால்வை எட்ட முடியாவிட்டால் கசியும் வாயு எரிந்துகொண்டிருப்பதே மேல். எல்லோரும் வெளியேறித் தீயணைப்புத் துறையை அழையுங்கள். அருகில் உருளைகள் இருந்தால் தண்ணீர் அடித்து அவற்றைக் குளிர்விப்பது அவர்கள் பார்த்துக்கொள்ளும் வேலை.

இளவேனில், உங்கள் ‘எரிபொருள் நீக்கம்’ இடிக்காமல் நிற்பது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

பொன்னி:

அப்படியானால் நுரை எந்தப் பெட்டியில் விழும்? பெட்ரோல் தீயில் நுரையைப் பரப்பினால் காற்று படாமல் தடுக்கிறது என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் எரிவது பெட்ரோல் அல்ல, அதன் ஆவி. நுரை அந்த ஆவி மேலே வராமல் அமுக்குகிறது. பெட்ரோல் சாதாரண அறைவெப்பத்திலேயே ஆவியை விட்டுக்கொண்டிருப்பதால், நுரைப்போர்வையில் ஓட்டை விழுந்த இடத்தில் மறுபடி பற்றுகிறது. பார்க்கப்போனால் இது எரிபொருளைச் சுடரிலிருந்து பிரிப்பது. நுரையில் உள்ள தண்ணீர் குளிர்விக்கவும் செய்கிறது. முக்கோணத்தின் மூன்று பக்கமும் ஒரே வாளியில்!

என் பரிந்துரை: மூடி, மணல், தீப்போர்வைக்கு ‘வளித்தடுப்பு’. நுரைக்கு ‘ஆவித்தடுப்பு’. கரியமில வாயுவுக்கு வேறொன்று.

கதிரவன்:

தண்ணீர் பற்றி மங்கை சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மூலத்தில் ஒரு சொல் இருக்கும் இடத்தில் நாம் மூன்று வைத்தால் பயிற்சிக்கு வருபவர் குழம்புவார். மேலும் சமையல் எண்ணெய்க்கென்றே எஃப் வகைத் தீயணைப்பான் இருக்கிறதே, அதை எதில் சேர்ப்பீர்கள்?

மங்கை:

அதில் இருப்பது பொட்டாசியம் உப்புக் கரைசல். மென்தூறலாக விழுந்து, சூடான எண்ணெயோடு சேர்ந்து சோப்பு நுரையாக மாறிப் படலம் கட்டுகிறது. அந்தப் படலம் ஆவியையும் காற்றையும் பிரித்துவைக்க, கரைசலின் தண்ணீர் எண்ணெயைப் பற்றுநிலைக்குக் கீழே இறக்குகிறது. மூடி செய்யாமல் விட்ட குளிர்த்தலை இது செய்வதால்தான் தீ திரும்புவதில்லை. சுடர் மறைந்ததும் நிறுத்திவிடாமல் முழுதும் அடித்துத் தீர்க்கச் சொல்வதும் அதற்குத்தான். எனவே ஒரே கருவியை ஒரே சொல்லில் அடக்கவேண்டியதில்லை.

பொது அத்தியாயத்துக்குக் கதிரவன் கேட்பதுபோல ஒரு குடைச்சொல் தேவைதான். பொன்னியின் ‘வளித்தடுப்பு’ அதற்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். ‘திணறடித்தல்’ வேண்டாம், புகையில் சிக்கிய மனிதருக்கு நேர்வதை அடுத்த அத்தியாயத்தில் எழுதும்போது அந்தச் சொல் தேவைப்படும்.

இளவேனில்:

குடைச்சொல்லாக ‘வளித்தடுப்பு’ என்று வரைவில் மாற்றிவிட்டேன். ‘மூடியணைத்தல்’ வாணலிப் பகுதியில் செயல்விளக்கமாக மட்டும் நிற்கும், கூடவே ‘ஆறும்வரை திறக்காதே’. நுரைப் பகுதியில் ‘ஆவித்தடுப்பு’. கரியமில வாயுவுக்கு ‘வளிநீர்ப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். தண்ணீர் அடிப்பதாக யாரேனும் படித்துவிடுவார்களோ என்று தயக்கம்.

பொன்னி:

நிச்சயம் அப்படித்தான் படிப்பார்கள். ‘வளியிளக்கல்’?

கதிரவன்:

மலச்சிக்கல் மருந்து மாதிரி இருக்கிறது, மன்னிக்கவும். ‘ஆக்சிஜன் குறைப்பு’ என்று நேராகவே எழுதினால் என்ன?