கேவியட்டுக்குத் தமிழ்: விழிப்பு மனுவா, கேட்புரிமை மனுவா?

முத்தையா: நாளிதழ்களில் 'கேவியட் மனு' என்றே போடுகிறார்கள். லத்தீனில் அதற்கு 'விழிப்பாய் இருக்கட்டும்' என்று பொருள். 'விழிப்பு மனு' சரிவருமா? சரக்கு வாங்குபவர் விழிப்பாக இருக்க வேண்டும் என்பார்களே, அதுவும் இதுதானே?

கயல்விழி: சொல் ஒன்றுதான் ஐயா, வேலை வேறு. பக்கத்து மனைக்காரர் என் கட்டுமானத்தை நிறுத்தக் கேட்டு வழக்குப் போடப்போகிறார் என்று தெரிகிறது. முதல் நாளே அவர் தரப்பை மட்டும் கேட்டு நீதிமன்றம் இடைக்கால உறுத்துக்கட்டளை கொடுத்துவிடலாம். 'அப்படி மனு வந்தால் எனக்கும் சொல்லுங்கள், நானும் பேச வேண்டும்' என்று முன்கூட்டியே எழுதிக்கொடுப்பதுதான் கேவியட். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148அ பிரிவு, 1976 திருத்தத்தில் வந்தது.

பாஸ்கரன்: அப்படியானால் 'முன்தடை மனு' என்றே வைத்துவிடலாமே.

கயல்விழி: உத்தரவு உடனே வராமல் பார்த்துக்கொள்கிறது என்ற அளவில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் இது எதையும் தடுப்பதில்லை. இருவரையும் கேட்டபின் அன்றைக்கே எனக்கு எதிராக உத்தரவு வரலாம். 'தடை' என்று பெயர் வைத்தால், கேவியட் போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று கட்சிக்காரர் வீட்டில் இருந்துவிடுவார்.

செல்வி: நான் அப்படித்தான் இருந்துவிட்டேன் அக்கா. மார்ச் 3-ஆம் தேதி போட்டேன். எதிர்த்தரப்புக்குப் பதிவுத் தபாலில் நகலும் அனுப்பினேன், ஒப்புகை அட்டை வந்தது. அவர்கள் ஜூன் 10-இல் வழக்குப் போட்டார்கள். எனக்குச் சேதியே வரவில்லை, உத்தரவுதான் வந்தது.

கயல்விழி: தொண்ணூறு நாள்தான் அதற்கு ஆயுள். உங்களுடையது ஜூன் 1-ஆம் தேதியே முடிந்துவிட்டது. நடுவில் கோடை விடுமுறை வேறு. மே மாதக் கடைசியில் புதிதாக ஒன்று போட்டிருக்க வேண்டும். நகல் போனதால் உங்கள் கேவியட் இருப்பது அவர்களுக்குத் தெரியும், அது முடியும் நாளும் தெரியும்.

முத்தையா: சரி, 'விழிப்பு' வேண்டாம். 'முன்கேட்பு மனு'?

பாஸ்கரன்: அது வழக்கின் முதற்கட்ட விசாரணை என்பதுபோல் ஒலிக்கிறது.

கயல்விழி: எனக்கும் அப்படித்தான் படுகிறது. 'கேட்புரிமை மனு' என்கிறேன். என்னையும் கேள் என்ற உரிமை அதில் நேரடியாக இருக்கிறது, தடை என்ற மயக்கம் இல்லை. தாக்கல் செய்தவரைக் 'கேட்புரிமையாளர்' என்றும் சொல்லலாம்.

பாஸ்கரன்: உயில் வழக்கிலும் கேவியட் உண்டே. அங்கே உயிலையே எதிர்ப்பவர் அல்லவா போடுகிறார்?

கயல்விழி: ஆமாம், அங்கே எதிர்ப்புதான் முன்னால் நிற்கிறது. அதற்கும் இதே சொல்லா, தனிச்சொல்லா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. உயில் வழக்கு நடத்துபவர் யாராவது சொல்லுங்கள்.

செல்வி: என் உத்தரவை நீக்கக் கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். அதில் 'கேட்புரிமை மனு' என்றே எழுதி, பக்கத்தில் கேவியட் என்றும் போட்டுவிட்டேன்.