மொட்டை மாடித் தோட்டத்தில் தண்ணீர் வடியவில்லை, கீழே ஈரக்கறை: எந்த அடுக்கில் தவறு?

மாடிவாசி, காத்ர் போர்ன்
வணக்கம். 6 மீட்டருக்கு 5 மீட்டர் தட்டைக் கூரை, சுற்றிலும் 30 செ.மீ. கைப்பிடிச் சுவர், தண்ணீர் போக ஒரே பைப். சிலாப் மேல் பழைய தார் ஷீட், அதன் மேல் கறுப்பு பாலிதீன், துணி, குமிழ் குமிழாக இருக்கும் வடிகால் ஷீட் (குமிழ் கீழ்ப்பக்கம்), கடைசியாக 14 செ.மீ. தோட்டமண்ணில் அறுகம்புல். பெருமழைக்குப் பிறகு இரண்டு நாள் சேறாகவே நிற்கிறது. கீழ் அறைக் கூரையில் பைப் பக்கம் ஈரக்கறை. தார் ஷீட்டை மாற்ற வேண்டுமா?

ரோஸ் ஹில் அக்கா
என் மாடியில் தொட்டிச் செடி எல்லாம் மதியத்துக்குள் காய்ந்துவிடும், உங்களுக்குத் தண்ணீர் நிற்கிறது என்று கவலையா! தேங்காய் நார் கலந்து பாருங்கள் தம்பி, ஈரத்தை நன்றாகப் பிடிக்கும்.

கம்பியும் சிமெண்டும்
அக்கா, அவர் கேட்பது ஈரத்தை வெளியேற்ற. பாரத்தைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். இங்கே மொரீஷியஸில் எல்லா வீட்டிலும் மேல்தளம் கட்டத்தானே தூணில் கம்பியை நீட்டி வைக்கிறோம்? ஒரு மாடியே தாங்குகிற வீடு கொஞ்சம் மண்ணையா தாங்காது?

வடிகால்
பாதி சரி. நீட்டிய கம்பி தூணையும் அஸ்திவாரத்தையும் பற்றித்தான் சொல்லும். மேல்வீட்டுச் சுவர் பாரம் பெரும்பாலும் உத்தரம் வழியாகத் தூணுக்குப் போகும். மண்ணோ சிலாப்பின் நடுவிலும் உட்கார்ந்திருக்கும். கணக்கைப் பாருங்கள்: நனைந்த தோட்டமண் கன மீட்டருக்குச் சுமார் 1,800 கிலோ. 14 செ.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 250 கிலோ, 30 சதுர மீட்டருக்கு ஏழரை டன். வீட்டுத் தளத்தில் ஆட்களுக்கும் சாமான்களுக்கும் வழக்கமாக விடும் கணக்கே சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ. பூச்சுக்கும் தடுப்புச் சுவருக்கும் தனியாக விட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கலாம். வரைபடம் பார்த்த பொறியாளர்தான் சொல்ல முடியும்.

புயல் மழையில் அந்த ஒரே பைப் அடைத்தால் கைப்பிடிச் சுவர் வரை தண்ணீர் ஏறும். மண்ணுக்கு மேல் 16 செ.மீ. தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு மேலும் 160 கிலோ. சுவரில் மண்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு வழிந்தோடும் துளை போடுங்கள். முதல் வேலை அதுதான்.

தண்ணீர் நிற்கக் காரணம், உங்கள் வடிகால் ஷீட் தலைகீழாக இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் போட்டது அஸ்திவாரச் சுவருக்கு ஒட்டும் வகை போலிருக்கிறது. அதில் துளை இருக்காது. குமிழ் கீழே போனால் மேல்பக்கம் குழிகள்; மண் அதில் இறங்கிச் சேறாகிவிடும். குமிழ் மேலே, அதன் மேல் வடிகட்டித் துணி, அதன் மேல்தான் மண். துணியைக் கீழே விரித்தால் ஷீட்டை உறுத்தாமல் காக்கும், மண்ணை வடிகட்டாது.

பைப் அருகே அரை மீட்டர் அகலத்துக்குத் தோண்டி, ஷீட்டைத் தூக்கிப் பாருங்கள். கீழே ஈரமா, காய்ந்திருக்கிறதா?

மாடிவாசி, காத்ர் போர்ன்
தோண்டினேன். குழியெல்லாம் களிச்சேறு. ஷீட்டுக்குக் கீழே அநேகமாகக் காய்ந்திருக்கிறது. ஆனால் பாலிதீன் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் அறுகம்வேர் நுழைந்து, தார் ஷீட்டின் இணைப்பு வரை போயிருக்கிறது.

வடிகால்
சும்மா மடித்து வைத்த பாலிதீன் வேரைத் தடுக்காது; இணைப்பைத் தேடித்தான் வேர் போகும். சாதாரணத் தாரும் வேருக்கு வழிவிடும். ஓரங்களைச் சூடாக்கி ஒட்டிய தடித்த எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் ஷீட் போடுங்கள், அல்லது வேர் எதிர்ப்புச் சோதனை தேறிய தார் ஷீட். பி.வி.சி. மட்டும் தார் மேல் நேராகப் படக்கூடாது. அதை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய் தாருக்குள் இறங்கி, ஷீட் விறைத்து வெடிக்கும்.

ஷீட்டுக்குக் கீழே காய்ந்திருப்பதால் கறை, பைப் கூரைக்குள் இறங்கும் கழுத்திலிருந்து வரலாம். மண்ணை எடுத்தபின் பைப்பை மூடி 5 செ.மீ. தண்ணீர் இரண்டு நாள் நிறுத்துங்கள். கறை வளர்ந்தால் தார் ஷீட் அல்லது கழுத்து. வளராமல், பைப்பைத் திறந்து விட்டதும் நனைந்தால் சிலாப்புக்குள் இருக்கும் பைப் இணைப்பு.

மண்ணை எடுக்கும்போது நடுவில் குவிக்காதீர்கள். குவித்த இடத்தில் பாரம் இரட்டிப்பாகும். நடுவிலிருந்து தொடங்கி வாளி வாளியாகக் கீழே இறக்குங்கள்.

கம்பியும் சிமெண்டும்
சரி, ஒப்புக்கொள்கிறேன். திரும்பப் போடும்போது கரும்புச் சக்கை கலந்தால் இலேசாகுமே? சர்க்கரை ஆலைப் பக்கம் மலிவாகக் கிடைக்கும்.

வடிகால்
இலேசாகும், ஆனால் சீக்கிரம் மக்கி மண் இறங்கும், தூள் துணியை அடைக்கும். நான் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போடமாட்டேன், அதுவும் மக்கவைத்த பிறகு. மீதிக்குத் துளையுள்ள இலேசான கல் வேண்டும். நம் ஊர்க் கருங்கல் பொடி மணலைப் போலவே கனம். 8 செ.மீ. இலேசான கலவை நனைந்தாலும் சதுர மீட்டருக்கு 110 கிலோவைச் சுற்றித்தான் வரும். பைப்பைச் சுற்றி 30 செ.மீ. மண்ணே வேண்டாம், ஜல்லி மட்டும்; மேலே திறந்து பார்க்க மூடி.

மாடிவாசி, காத்ர் போர்ன்
8 செ.மீ.யில் அறுகு நிற்குமா?

வடிகால்
நிற்கும், வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றினால். வேருக்குப் பயந்தால் சிறுகள்ளி, சிறுபசலை மாதிரி உடம்பிலேயே நீரைச் சேர்த்து வைக்கும் செடி வைக்கலாம். உங்கள் சிலாப் தடிமன் எத்தனை செ.மீ. என்று இன்னும் சொல்லவில்லையே?

மாடிவாசி, காத்ர் போர்ன்
வரைபடம் அப்பாவிடம். 12 என்கிறார், மேஸ்திரி 15 என்கிறார்.