பக்கவாட்டு சந்துல மழைத்தண்ணி செவுத்தைப் பாத்து ஓடுது, உங்க வீட்ல இப்படி பாத்திருக்கீங்களா?

பெருங்களத்தூர்வாசி
போன ஐப்பசி மழையில பாத்தது, இன்னும் உறுத்திட்டே இருக்கு. வீட்டுக்கு மேக்கால 3 அடி சந்து, பேவர் பிளாக் போட்டு நாலஞ்சு வருசம் ஆகுது. கரண்ட் போச்சு, சரி மோட்டார் பாக்ஸ்ல தண்ணி இறங்குதான்னு பாக்க டார்ச் எடுத்துட்டு போனேன். செவுரும் பேவரும் சேர்ற இடத்துல நீளத்துக்கும் குமிழி குமிழியா வருது. தண்ணி தேங்கல, கேட்டு பக்கமும் போகல, அந்த கோட்டுக்குள்ள இறங்கிட்டே இருக்கு. கொஞ்ச நேரத்துல அதே கோட்டுலேர்ந்து எறும்பு முட்டையத் தூக்கிட்டு செவுத்துல ஏற ஆரம்பிச்சிருச்சு. அந்த செவுத்துக்கு உள்பக்கம்தான் பெட்ரூம், முட்டி உயரத்துக்கு ஓதம் ஏறி புட்டி பொரிஞ்சு உதிருது. பேவர் போட்டப்ப மேஸ்திரி காம்பவுண்டு பக்கமாத்தான் வாட்டம் கொடுத்தாரு, கூடவே நின்னு பாத்தேன். அப்புறம் எப்படி திரும்புச்சு?

வண்ணக்காரன்
ப்ரோ மொட்டைமாடியில விரிசல் இருக்கான்னு மொதல்ல பாருங்க. எங்க வீட்லயும் இதே கதை, மாடியில வெதரிங் கோர்ஸ் ஓடு பொளந்து தண்ணி செவுத்துக்குள்ள இறங்கியிருக்கு. ரெண்டு கோட்டு வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் அடிச்சோம், கப்புனு நின்னுடுச்சு. உள்செவுத்துலயும் புட்டிக்கு முன்னாடி அதே கெமிக்கல அடிச்சுடுங்க.

மேஸ்திரி மவன்
வண்ணக்காரன் சார், அவர் கீழேர்ந்து முட்டி உயரத்துக்குன்னு தெளிவா எழுதியிருக்காரே. மாடி ஒழுகுனா சீலிங் ஓரத்துலதான் மொதல்ல கறை தெரியும். கீழ ஈரத்த வச்சுக்கிட்டு உள்ள கெமிக்கல் அடிச்சா அது கெமிக்கலுக்கு மேல ஏறி முட்டியில இருந்தது இடுப்புக்கு வரும், அவ்ளோதான்.

குமிழி மேட்டர் நானும் பாத்திருக்கேன். அப்பா கூட ஒரு வீட்டு ரிப்பேருக்கு போனப்ப, வீட்டம்மா ஒரு குடம் தண்ணிய செவுத்தோரம் ஊத்துனாங்க, ஊத்த ஊத்த காணோம். ஒரு பேவர நெம்பி எடுத்தா கீழ கை போற அளவுக்கு பொந்து. கல்லு ரெண்டு பக்கத்து கல்லு புடிச்சு அந்தரத்துல நிக்குது.

காரணம் இதான். அஸ்திவாரத்துக்கு நாலஞ்சு அடி தோண்டுறப்ப கட்டடத்த விட அகலமா தோண்டுவாங்க, ஆள் நின்னு வேலை பாக்கணும்ல. கட்டடம் மேல வந்ததும் அந்த இடைவெளிய கைக்கு கிடைச்ச ஒடசல் செங்கல், காஞ்ச சிமெண்ட் கட்டி, காலி மூட்டைன்னு எல்லாத்தையும் தள்ளி மேல மண்ண மூடிடுவாங்க. திமிசு யாரும் போடுறதில்ல. ஒவ்வொரு மழைக்கும் அந்த மண்ணு கொஞ்சம் கொஞ்சமா அமுங்கும். செவுத்துலேர்ந்து ஒன்றரை ரெண்டு அடிக்குதான் இந்த அமுக்கம், அதத் தாண்டி இருக்கறது தோண்டாத பழைய மண்ணு, அசையாது. அதனால உங்க மேஸ்திரி கொடுத்த வாட்டம் உண்மைதான், இப்ப அது திரும்புனதும் உண்மைதான்.

நம்பலன்னா ஒரு மட்டப்பலகைய சந்துக்கு குறுக்க வச்சு மேல ரசமட்டம் வைங்க. அஞ்சு நிமிச வேலை.

கரிசக்காடு
கோவில்பட்டி பக்கம் நாங்க. இதுக்கு ஏன் இவ்ளோ ஆராய்ச்சி, பேவர தூக்கி எறிஞ்சுட்டு செவுத்த சுத்தி ரெண்டரை அடிக்கு கான்கிரீட் போட்டு விடுங்க, தண்ணி எங்க இறங்கும்? எங்க வீட்ல போட்டிருக்கோம், செவுரு ஓரம் கல்லு மாதிரி காயுது. என்ன, கோடையில மட்டும் செவுத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவுல சுண்டுவிரல் போற அளவு கேப் விடும், மழை வந்தா மூடிக்கும்.

மேஸ்திரி மவன்
அண்ணே அந்த கேப்தான் வினையே. கரிசல் கோடையில சுருங்கி ஐப்பசியில உப்பும். மொத மழை நீங்க சொல்ற கேப் வாயத் தொறந்துட்டு நிக்கிறப்பதான் பெய்யும், நேரா அஸ்திவாரத்துக்கு போகும். கான்கிரீட் போட்டது நல்லதுதான், தப்புன்னு சொல்லல, ஆனா அந்த கோட்ட தார் வச்சு அடைங்க. சிமெண்ட் வச்சு அடைச்சா அடுத்த கோடையில மறுபடி பிரியும், தாரு கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும். அப்புறம் செவுத்தோரம் வேப்பமரம், முருங்கை எதுவும் இருக்கா?

கரிசக்காடு
இருக்கு. மரத்த வெட்ட சொல்லுவீங்க, ஆள விடுங்க. இருவது வருசமா நிக்கிற வீடு.

சங்ககிரி அக்கா
எங்க வீட்டு கதையே வேற, வாஸ்து. வீடு மேக்கு பாத்த வாசல், ரோடு மேக்கால. மாமனார் ஈசானி மூலை தாழ்ந்துதான் இருக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. எங்களுக்கு ஈசானி மூலைன்னா வீட்டுக்குப் பின்னால, அங்க தண்ணி போக வழியே கிடையாது, மூணு பக்கமும் காம்பவுண்டு. மொத மழையில பின்வாசப்படி முங்கி கேஸ் சிலிண்டர் மிதந்து போய் துணி துவைக்கிற கல்லுல இடிச்சுட்டு நிக்குது, இப்பவும் மழைன்னா அந்த டங்கு டங்கு சத்தம்தான் ஞாபகம் வருது.

அப்புறம் அந்த மூலையில ஒரு சின்ன சேம்பர் கட்டி, வடக்கு சந்துல மண்ணுக்கு அடியில 4 இஞ்ச் பிவிசி பைப் விட்டு முன்னாடி சாக்கடையில சேத்தோம். மாமனாருக்கும் மனசு நெறஞ்சுது. ஆனா பெருமழையில சாக்கடை ரொம்புனா அதே பைப் வழியா சாக்கடைத் தண்ணி பின்னாடி வந்து கொப்புளிக்குது. அதுக்கு யாராவது வழி சொல்லுங்க.

வேலூர் ரிட்டயர்டு
அக்கா, பைப்போட ரோட்டு முனையில தண்ணி திரும்ப வராம தடுக்குற வால்வு கிடைக்கும், போடுங்க. ஆனா சாக்கடை ரொம்பி வால்வு மூடிக்கிட்டா உங்க தண்ணியும் வெளிய போகாது, அந்த நேரம் சின்ன மோட்டார் வச்சு இறைச்சுத்தான் ஆகணும். வேற வழி எனக்கு தெரியல.

என் அனுபவம் பக்கத்து வீட்டுக்காரனோட. அவங்க சந்த மேடு பண்ணி காம்பவுண்டு செவுத்துல ஓட்டை போட்டு தண்ணிய எங்க பக்கம் விட்டுட்டாங்க. கேட்டா மழைத்தண்ணி பள்ளத்துக்குத்தான் போகும்னு பதில். பேச்சு வார்த்தை நின்னு போச்சு, ஓட்டை இன்னும் இருக்கு. பெருங்களத்தூர் தம்பி, நீங்க காம்பவுண்டு பக்கம் வாட்டம் கொடுக்கறதோட நிறுத்தாதீங்க, அங்க சேர்ற தண்ணி கேட்டு வரைக்கும் ஓடணும். இல்லன்னா காம்பவுண்டு அஸ்திவாரம் ஊறும், அது வீட்டு அஸ்திவாரத்த ​விட ஆழம் கம்மி, ஒரு நாள் சாஞ்சுரும்.

பெருங்களத்தூர்வாசி
மட்டம் வச்சு பாத்தேன். மேஸ்திரி மவன் சொன்ன மாதிரியே, குறுக்க வச்சா செவுத்துப் பக்கம் முக்கால் இஞ்ச் பள்ளம். நீளத்துக்கு ஒருத்தர கூட்டிட்டு டியூப் லெவல் புடிச்சோம், சந்து 40 அடி, கடைசி மூலையும் கேட்டும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். மாடி பைப்பு ஒண்ணு சந்து நடுவுல செவுத்தோரம் கொட்டுது. பேஸ்மட்டம் கட்டுனப்ப ரோட்டுலேர்ந்து 2 அடி, இப்ப ரோடு மேல மேல போட்டு 15 இஞ்ச்தான் மிச்சம்.

மேஸ்திரி மவன்
நல்லா அளந்திருக்கீங்க. இத வச்சே கணக்கு போடலாம்.

குறுக்க அடிக்கு 2 நூல் வாட்டம் போதும். 3 அடிக்கு 6 நூல், அதாவது முக்கால் இஞ்ச், செவுத்துப் பக்கம் மேடா. இப்ப முக்கால் இஞ்ச் பள்ளமா இருக்கறதால செவுத்தோரம் மொத்தம் ஒன்றரை இஞ்ச் தூக்கணும். நீளத்துக்கு அடிக்கு 1 நூல், 40 அடிக்கு 40 நூல், 5 இஞ்ச். கேட்டுகிட்ட பேவர் ரோட்ட விட 3 இஞ்ச் மேல இருக்குன்னு வச்சா, கடைசி மூலை காம்பவுண்டு ஓரம் 8 இஞ்ச், செவுத்தோரம் எட்டே முக்கால். 15 இஞ்ச்ல அது போக ஆறேகால் இஞ்ச் பேஸ்மட்டம் வெளிய தெரியும். ஆறு இஞ்சுக்கு கீழ போக விடாதீங்க, மழை தெறிச்சே செவுரு நனையும். ரோட்ட இன்னொரு தடவ ஏத்துனா இந்த கணக்கு உடையும், அது வேற.

வேலை செய்யறப்ப பேவர எடுத்துட்டு வெறும் எம்சாண்ட் கொட்டி ஒன்றரை இஞ்ச் ஏத்துறேன்னு ஆளுங்க சொல்லுவாங்க, விடாதீங்க. பேவர் இடுக்குல தண்ணி எப்பவும் இறங்கும், சாண்டுக்குள்ள பூந்து கீழ இருக்குற மண்ணு எந்தப் பக்கம் சாஞ்சிருக்கோ அந்தப் பக்கம்தான் ஓடும். மேல கல்லு காம்பவுண்டைப் பாத்து இருக்கும், கீழ தண்ணி செவுத்தைப் பாத்து போகும், கண்ணுக்கே தெரியாது. அதனால செவுத்தோரம் ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் தோண்டி ஒடசல பொறுக்கி எடுத்துட்டு, களி கலந்த செம்மண்ண அரை அடி அரை அடியா போட்டு, லேசா தண்ணி தெளிச்சு, ஒவ்வொரு அடுக்குக்கும் திமிசு. சொதசொதன்னு ஊத்த வேணாம், கையில புடிச்சா உருண்டை நிக்கணும், அவ்ளோதான் ஈரம். சந்து முழுக்க அந்த மண்ணுலயே வாட்டத்த நூல் கட்டி எடுத்துடணும். அதுக்கு மேல சாண்டு ஒரே கனத்துல, அப்புறம் கல்லு.

மாடி பைப்ப மொதல்ல திருப்புங்க. 1200 சதுர அடி மாடியில 5 செமீ மழை பெஞ்சா அஞ்சாயிரத்து ஐநூறு லிட்டர் வரும், அதுல பாதி அந்த ஒரு பைப்புல வந்தாலும் எந்த மண்ணும் தாங்காது. எல்போ போட்டு மூடுன பைப்புலயே கேட்டு வரைக்கும் கொண்டு போங்க.

வண்ணக்காரன்
மழைநீர் சேகரிப்பு தொட்டியில விடலாமே? 2003லயே எல்லா வீட்டுக்கும் கட்டாயம்னு சட்டம் போட்டாச்சு.

மேஸ்திரி மவன்
தாராளமா விடலாம், இது நல்ல கேள்வி. ஆனா தொட்டி எங்க இருக்குங்கறதுதான் விசயம். 3 அடி சந்துல செவுத்தோரம் தோண்டியிருந்தா அஸ்திவாரத்துக்கு நீங்களே தண்ணி காட்டுற மாதிரி. முன்பக்கம் கேட்டுகிட்ட, வீட்ட விட்டு பத்தடி தள்ளி இருந்தா ஜோர்.

வேலூர் ரிட்டயர்டு
ரோடு விசயம். 2021ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு, பழைய ரோட்ட சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு உத்தரவு போட்டாரு. எங்க தெருவுல போன தடவ போட வந்தப்ப அத பிரிண்ட் எடுத்து காட்டுனேன். சுரண்டுற மெசின் மெயின் ரோட்டுக்கு மட்டும்தான் சார் வரும்னு சொல்லிட்டு மேலயே ஊத்திட்டு போனாங்க. நாலு வீடு சேந்து மனு கொடுத்து, தார் லாரி வர்றதுக்கு முந்தியே தெருவுல நில்லுங்க. ஊத்துனப்புறம் பேசி பிரயோஜனமில்ல.

பெருங்களத்தூர்வாசி
எங்க தெருவுலயும் ஜல்லி கொட்டி வச்சிருக்காங்க சார், அதான் பயமே. ரோட்டு மட்டம் தெரியாம கேட்டுகிட்ட 3 இஞ்ச்னு நான் எத வச்சு நூல் கட்டுறது? மாடி பைப்ப இந்த ஞாயித்துக்கெழமை திருப்பிடறேன், தோண்டுறத ரோடு போட்டப்புறம் பாத்துக்கலாமா இல்ல மழைக்கு முன்னாடியே முடிக்கணுமா?

கரிசக்காடு
மழைக்கு முன்னாடி. ரோடு எப்ப போடுவான்னு எவனுக்குத் தெரியும்.

மேஸ்திரி மவன்
செவுத்தோரம் மண்ண மட்டும் இப்ப எடுத்து திமிசு போட்டு வைங்க, கல்ல அடுக்காதீங்க. மேல தார்பாய் விரிச்சு செவுத்துப் பக்கம் ஒரு சாண் ஏத்தி விட்டா ஒரு மழை தாங்கும். புது மண்ணு எப்படியும் கொஞ்சம் அமுங்கும், அமுங்குனப்புறம் ரோட்டு மட்டத்த பாத்து கல்ல போடலாம். கரிசக்காடு அண்ணே, அந்த வேப்பமரம் செவுத்துலேர்ந்து எத்தன அடி?